ஊமைப் படத்துக்கு வசனம்

ஊமைப் படத்துக்கு வசனம் எழுதினேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிலர் அனுதாபத்தோடு பார்க்கிறார்கள். பேசும் படத்துக்கு எழுதக் கூப்பிடுவார் இல்லாமல் இந்த ஆள் இப்படி ஆகிவிட்டான் போலும் என்பது அந்தப் பார்வையின் அர்த்தம். ஆனால் நான் சொல்வது வேடிக்கைக்காக அல்ல. ஊமைப் படத்திலும் வசனம் உண்டு. பாத்திரங்கள் வாயை அசைப்பார்கள்; பிறகு திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் இரண்டு வரியோ மூன்று வரியோ வந்து நிற்கும்; நாம் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். அதற்கு டைட்டில் கார்டு என்று பெயர். அந்த அட்டைகளைத் தமிழில் எழுதித் தரும் வேலை ஓமலூரில் எனக்கு வாய்த்தது.

சேலத்துப் பக்கம் சினிமா என்றால் எல்லாருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நினைவுதான் வரும். 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. ஆனால் அது பேசும் படக் காலம். அதற்கு முன்னால், 1910-களின் பிற்பகுதியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப் படம் அதுதான். அதற்கு இங்கிலீஷிலும் தமிழிலும் ஹிந்தியிலும் அட்டைகள் எழுதப்பட்டன. ஹிந்தி அட்டைகளை எழுத உதவியவர் காந்திஜியின் குமாரர் தேவதாஸ் காந்தி. படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. அந்தக் காலத்துக் கொட்டகையில் அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வதற்கென்றே திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது வழக்கம். அவன் குரல் இருந்தவரையில் எழுத்துச் சிறிதாயிருந்தாலும் பாதகமில்லை. பத்து பேருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

ஓமலூரில் அப்படி ஓர் ஆளை நிறுத்த வழியில்லை. நூலக வாசகர் வட்டத்தார் ஒரு பள்ளி மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிச் சார்லி சாப்ளின் படம் ஒன்றைக் காட்டத் தீர்மானித்தார்கள். 1921-இல் வெளிவந்த 'தி கிட்' என்ற படம். கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் ஒரு தம்பி, தன் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் அட்டைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழ் அட்டைகளை வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டான். தமிழாக்கமும் வந்து சேர்ந்தது. இங்கிலீஷில் நல்ல தேர்ச்சியுள்ள ஒருவர் சிரமப்பட்டுச் செய்திருந்தார். பிழை என்று ஒன்றையும் காட்ட முடியாது. ஆனால் ஓர் அட்டைகூடத் திரையில் அடங்கவில்லை.

"சார், எழுத்தைச் சின்னது பண்ணிடலாங்களா?" என்று தம்பி கேட்டான்.

இந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

துணி 12 அடி அகலம், 9 அடி உயரம். ஓரங்களில் துணி சுருங்கும், காற்றில் ஆடும். ஆகையால் நடுவில் ஐந்தில் நான்கு பங்கு இடத்தைத்தான் எழுத்துக்கு நம்பலாம். கடைசி வரிசை 60 அடி தூரத்தில். அங்கே உட்காருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் எழுத்து அரையடி உயரமாவது இருக்க வேண்டும் என்று தம்பி துணியில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துச் சொன்னான். அந்த உயரத்தில் ஒரு தமிழ் எழுத்து சராசரியாக அரையடி அகலமும் பிடிக்கும். கணக்குப் போட்டால் வரிக்கு 19 எழுத்து. அதற்கு மேல் ஓரெழுத்தும் ஏறாது. இங்கிலீஷ் எழுத்தோ அதில் பாதி அகலம்தான். 'ல்' என்பதற்கு நமக்கு ஒரு சுழியும் ஒரு காலும் ஒரு புள்ளியும் வேண்டும். அவர்களுக்கு ஒரு குச்சி போதும்.

அகலம் மட்டுமல்ல, உயரமும் தகராறு செய்யும். இங்கிலீஷ் அட்டையில் எல்லாம் பெரிய எழுத்து. கோடு போட்டாற்போல ஒரே உயரத்தில் நிற்கும். தமிழில் 'தி'க்குத் தலைக்கு மேல் கொக்கி, 'ழு'வுக்குக் காலுக்குக் கீழே சுழி. இங்கிலீஷுக்குப் போட்ட வரி இடைவெளியையே தமிழுக்கும் விட்டால், மேல் வரியின் சுழி கீழ் வரியின் கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே இடைவெளியை அதிகப்படுத்த வேண்டும். அதிகப்படுத்தினால் ஐந்து வரி நின்ற இடத்தில் மூன்று வரிதான் நிற்கும்.

சரி, எழுத்தைச் சின்னதாக்கினால் என்ன? தம்பி ஆக்கிக் காட்டினான். நான் கடைசி வரிசையில் போய் நின்று பார்த்தேன். முதலில் செத்துப்போனது புள்ளி. துணி கொஞ்சம் ஆடி, ஒளி கொஞ்சம் மங்கினால் புள்ளி கரைந்துவிடுகிறது. 'பெண்' என்பது 'பெண' என்றும், 'பாவம்' என்பது 'பாவம' என்றும் ஆகிவிடுகிறது. ஓலைச்சுவடிக் காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். வித்துவான்கள் ஊகித்துப் படித்துக்கொண்டார்கள். ஓமலூர் மைதானத்தில் தரையில் உட்கார்ந்திருப்பவர்களை ஊகித்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா? ஆகவே எழுத்து சுருங்கக் கூடாது. வாக்கியம்தான் சுருங்க வேண்டும்.

இடம்போலவே நேரத்துக்கும் கட்டு உண்டு. ஊமைப் படக் காலத்தில் சொல்லுக்கு ஓரடி பிலிம் என்று ஒரு கைக்கணக்கு இருந்தது. ஓரடியில் 16 படங்கள். விநாடிக்கு 16 படம் ஓடினால் ஒரு சொல்லுக்கு ஒரு விநாடி. இங்கிலீஷ் சொல்லுக்கு அது பொருந்தும். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ரயில் வண்டிபோல் நீளும் நம் சொல்லுக்கு அந்தக் கணக்குப் பலிக்காது. நாம் எழுத்தைத்தான் எண்ண வேண்டும். அட்டை நிற்கும் நேரத்தைக் கூட்டிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. 1971-இல் சாப்ளின் தாமே இந்தப் படத்துக்கு இசை அமைத்து மறுபடி வெளியிட்டார். வாசகர் வட்டத்தார் வைத்திருந்தது அந்தப் பிரதி. அட்டையை இரண்டு விநாடி நீட்டினால் இசை இரண்டு விநாடி முந்திக்கொண்டு, அடி விழுவதற்கு முன்பே சத்தம் கேட்கும். ஆகவே அதே இடம், அதே நேரம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பும் படங்களில் ஒவ்வோர் அட்டையிலும் ஒன்றிரண்டு படங்களை மட்டும் அடையாளத்துக்கு விட்டு அனுப்புவார்களாம். அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாஷையில், தங்களுக்கு வேண்டிய நீளத்துக்கு அட்டை செய்து அந்த இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். இசைத்தடம் ஏறிய படத்தில் அந்தச் சுதந்தரம் இல்லை.

எப்படிச் சுருக்கினோம் என்பதை மூன்று அட்டைகளைக் கொண்டு சொல்கிறேன்.

படத்தின் தொடக்கத்திலேயே ஓர் அட்டை வருகிறது. இது புன்னகையும், ஒருவேளை ஒரு கண்ணீர்த் துளியும் உள்ள படம் என்பது அதன் கருத்து. தமிழாக்கியவர், 'ஒரு புன்னகையையும் ஒருவேளை ஒரு கண்ணீர்த் துளியையும் கொண்ட ஒரு திரைப்படம்' என்று எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் இங்கிலீஷில் படம் முதலில் வருகிறது, புன்னகை அடுத்து வருகிறது, கண்ணீர் கடைசியில் சொட்டுகிறது. தமிழில் கண்ணீர் நடுவில் எங்கேயோ சிந்திப்போய், கடைசியில் 'திரைப்படம்' என்ற சொல்தான் நிற்கிறது. திரைப்படம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? அதற்காகத்தான் துணியின் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது மொழிபெயர்த்தவரின் குற்றமல்ல. இரண்டு பாஷைகளின் நடை வேறு. அவர்கள் பெயரை முன்னால் வைத்து அடைமொழியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். நாம் அடைமொழிகளையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுப் பெயரைக் கடைசியில் கொண்டுவருவோம். ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடும்.

சிரிக்க ஒரு படம்.
ஒருவேளை, அழவும்.

மேல் வரி 9 எழுத்து, கீழ் வரி 8. கண்ணீரும் இருக்க வேண்டிய இடத்தில், கடைசியில், இருக்கிறது. தமிழ் அட்டையைச் சுருக்குவதற்கு முதல் உபாயம் சொல்லை வெட்டுவதல்ல; வாக்கியத்தை இரண்டாக உடைப்பது. உடைத்தால் 'கொண்ட', 'உடைய', 'ஆகிய' முதலான ஒட்டுப் பலகைகள் தாமாகவே கழன்று விழுந்துவிடுகின்றன.

அடுத்த அட்டைதான் எங்களை இரண்டு நாள் உட்கார வைத்தது. தர்ம ஆஸ்பத்திரியின் வாசல் கதவு திறக்கிறது. கைக்குழந்தையோடு ஓர் இளம் பெண் வெளியே வருகிறாள். புருஷன் இல்லை, போக இடமும் இல்லை. அட்டை அவளை அறிமுகம் செய்கிறது: அந்தப் பெண், அவளுடைய பாவம் தாய்மை, என்று. உலகம் பாவம் என்று சொல்வதைச் சாப்ளின் குத்தலாகத் திருப்பிச் சொல்கிறார். இங்கிலீஷில் கடைசிச் சொல் தாய்மை. எங்களுக்கு வந்த தமிழாக்கத்தில், 'தாய்மையையே தன் பாவமாகக் கொண்ட பெண்மணி' என்று இருந்தது. இங்கும் அதே கதை. இரகசியம் முதல் சொல்லிலேயே வெளியாகிவிட்டது. பெண்மணி வந்து சேரும்போது நாம் வியக்க ஒன்றும் மிச்சமில்லை.

வாக்கியத்தை உடைத்தோம். 'ஒரு பெண். அவள் செய்த பாவம் தாயானது.' அளவு சரியாக வந்தது. தாய்மையும் கடைசிக்கு வந்துவிட்டது. தம்பி அதை அப்படியே கம்ப்யூட்டரில் அடித்து, பெட்டிக்குள் போட்டான். பெட்டி தன் அகலத்துக்குத் தகுந்தபடி தானாகவே வரியை மடித்துக் காட்டியது:

ஒரு பெண். அவள் செய்த
பாவம் தாயானது.

தம்பிக்குத் திருப்தி. மேலும் கீழும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கீழ் வரியை மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். 'பாவம்' என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. செய்தால் அது குற்றம். பார்த்தால் அது இரக்கம். 'பாவம், குளிரிலே நடுங்குகிறது' என்று நாய்க்குட்டியைப் பார்த்துச் சொல்கிறோம் அல்லவா? அந்த மாதிரி, 'பாவம், தாயானது' என்று ஒரு பசுவைப் பற்றியோ பூனையைப் பற்றியோ சொல்வதுபோல அந்த வரி நின்றது. மேல் வரியில் இருக்கும் 'செய்த' என்ற சொல்லுக்கும் கீழ் வரியில் இருக்கும் 'பாவ'த்துக்கும் உள்ள உறவு, வரி மடிந்த இடத்தில் அறுந்துவிட்டது. வேகமாகப் படிக்கிறவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு வரியையும் ஒரு தனி வாக்கியமாகத்தான் படிப்பார்கள்.

தம்பியிடம் சொன்னேன். அவன் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க சார், மாட்டைச் சொல்றாப்புல இருக்குது" என்றான். பெட்டி தானாக மடிப்பதை நிறுத்திவிட்டுத் தன் கையாலேயே வரிகளைப் பிரித்தான்:

ஒரு பெண்.
அவள் செய்த பாவம்
தாயானது.

இப்பொழுது 'செய்த பாவம்' ஒரே வரியில் சேர்ந்துவிட்டது. குற்றம் என்ற அர்த்தம் உறுதியாகிவிட்டது. ஆனால் வரி 'பாவம்' என்று முடிகிறதே, அந்த இடத்தில் கண் ஒரு கணம் தங்குகிறது. தங்கும் அந்தக் கணத்தில் இன்னோர் அர்த்தமும் மெல்ல எட்டிப் பார்க்கிறது. உலகம் அவள் செய்தது பாவம் என்கிறது. பார்க்கிறவர்களின் மனசு 'ஐயோ பாவம்' என்கிறது. இங்கிலீஷில் இதற்கு இடமில்லை. தமிழ் கொடுத்த அதிர்ஷ்டம் இது. ஒரே சொல் ஓரிடத்தில் மடித்தால் கேலியாகிறது, ஓரிடத்தில் மடித்தால் கருணையாகிறது.

அதற்குப் பிறகு தம்பி வெகு சீக்கிரம் நுட்பத்தைப் பிடித்துக்கொண்டான். பெயரெச்சத்தையும் பெயரையும் பிரிக்கக் கூடாது. 'ஓடிய' மேலேயும் 'பையன்' கீழேயும் நிற்கக் கூடாது. எண்ணையும் எண்ணப்படும் பொருளையும் பிரிக்கக் கூடாது. 'வீட்டுக்கு' மேலேயும் 'உள்ளே' கீழேயும் வரக் கூடாது. அடங்காத நீளச் சொல்லை நடுவில் உடைக்கவே கூடாது. பத்திரிகையில் நாம் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறோம். பத்திரிகை கையிலேயே இருக்கிறது, திரும்பிப் பார்க்கலாம். அட்டை காத்திருக்காது. அதிலும் கல்யாணப் பத்திரிகைக்கு உபயோகப்படும் சில பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி, எழுத்து தனி. நீளச் சொல்லை உடைக்கப் போனால் 'கொ'வின் கொம்பு மேல் வரியின் கடைசியில் அநாதையாக நிற்கும். 'கா' கீழ் வரியில் வேறு எழுத்தாகிவிடும்.

அநாதை என்றதும் மூன்றாவது அட்டைக்கு வந்துவிட்டேன். உண்மையில் அது அட்டை அல்ல; ஒரு துண்டுக் காகிதம். அந்தப் பெண் குழந்தையை ஒரு பணக்காரரின் காரில் விட்டுவிட்டுப் போகிறாள். போகுமுன் ஒரு சீட்டு எழுதிக் குழந்தையின் துணியில் வைக்கிறாள். கார் திருட்டுப் போகிறது, திருடர்கள் குழந்தையைச் சந்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள், சார்லி எடுத்துக்கொள்கிறான். சீட்டும் அவனிடமே இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்துப் பையனுக்கு உடம்புக்கு வருகிறபோது சார்லி அதை டாக்டரிடம் காட்டுகிறான். பிறகு அதே சீட்டு அந்தத் தாயின் கைக்கே வந்து சேர்கிறது. தன் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவள் தன் மகனை அறிந்துகொள்கிறாள். ஆகவே சீட்டு எங்கே வந்தாலும் ஒரே கையெழுத்து, அதே சொற்கள், அதே வரிப் பிரிவு இருக்க வேண்டும். முதலில் மூன்று வரியாகவும் பிறகு இரண்டு வரியாகவும் இருந்தால், தாய் அடையாளம் கண்டுகொண்டாலும் ஜனங்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இந்த அநாதைக் குழந்தையைத் தயவுசெய்து நேசித்துப் பராமரியுங்கள் என்பது சீட்டின் வாசகம். எண்ணிப் பார்த்தால் தமிழில் 32 எழுத்து, இங்கிலீஷில் 35. எண்ணிக்கையில் நாம்தான் சிக்கனம். அகலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கறுப்பு அட்டையாவது 12 அடித் துணியை நம்பி நிற்கிறது. இதுவோ ஒருத்தியின் விரல்களுக்கு நடுவில் இருக்கும் காகிதம். அதன் ஓரத்தைத் தாண்டி எழுத்து வெளியே வந்தால் பொய் தெரிந்துவிடும்.

தம்பி ஒரு யோசனை சொன்னான். "சார், 'அநாதை'யை எடுத்துடலாங்க. அம்மாதான் உசுரோட இருக்குதே, அப்புறம் எப்படிங்க அநாதை?" வாசகர் வட்டத்து ஆசிரியர் ஒருவரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். அவர் சொன்ன காரணம் வேறு. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் அரசாங்கம் முதலில் தொடங்கிய ஜில்லா எங்கள் சேலம் ஜில்லாதான். பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால் கொடுத்துவிடும் கொடுமையைத் தடுப்பதற்காக, 'கொல்லாதீர்கள், இங்கே விட்டுவிடுங்கள்' என்று தொட்டில் வைத்தார்கள். அந்தத் தொட்டில்களிலிருந்து வளர்ந்தவர்கள் இன்று பெரியவர்களாகியிருப்பார்கள். குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன தாய்மாரும் எங்கேயோ இருப்பார்கள். மைதானத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்தச் சொல் யார் நெஞ்சில் போய்த் தைக்கும் என்றும் தெரியாது. எடுத்துவிட்டால் நாலு எழுத்தும் மிச்சம், மனசும் மிச்சம் என்றார் அவர்.

மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் நான் ஒப்பவில்லை. தாய் உயிரோடிருக்கும் குழந்தையை அநாதை என்று எழுதுகிறவள் அந்தத் தாயே அல்லவா? தான் இல்லாமல் போய்விட்டதாக அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். பின்னால் அந்தச் சீட்டு அவள் கைக்குத் திரும்பி வரும்போது அவளைச் சுடப்போவதும் அந்தச் சொல்தான். மற்றதையெல்லாம் படம் காட்டிவிடுகிறது. அவள் முத்தமிடுவதைப் பார்க்கிறோம், அன்பு தெரிகிறது. கையெடுத்துக் கும்பிடுவதைப்போல நிற்பதைப் பார்க்கிறோம், தயவு தெரிகிறது. அநாதை என்ற பொய்யை மட்டும் எந்த முகமும் காட்டாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் சொல்லை வெட்டலாம். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லும் சொல்லை வெட்டினால் படத்தையே வெட்டியதாகும்.

அப்படியானால் எதை வெட்டுவது? 'நேசித்து', 'பராமரித்து' இரண்டும் மேடைப் பேச்சு. பெற்றவள் எழுதும் சொல் அல்ல. 'வளர்க்கவும்' என்று போட்டுப் பார்த்தோம். 'இங்கே எச்சில் துப்பாமல் இருக்கவும்' என்ற பலகைக்கு உரிய தொனி வந்துவிட்டது.

தம்பியின் கடையில் அவனுடைய ஆயா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பது வழக்கம். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள். அட்டை ஒவ்வொன்றையும் முதலில் அவளுக்குத்தான் காட்டுவோம். அவள் விரலை ஆட்டிக்கொண்டு வாய்விட்டுப் படிப்பாள். படித்து முடிப்பதற்குள் அட்டை மறைந்துவிட்டால் அது இன்னும் நீளம் என்று அர்த்தம். எங்களுக்கு அவளைவிட நல்ல கடியாரம் கிடைத்திருக்காது. நாங்கள் மூன்று பேரும் இந்தச் சீட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஏன் கண்ணு, அவ என்னதான் கேக்கறா?" என்று பேரனைக் கேட்டாள். அவன் சொன்னான்.

"காப்பாத்துங்கன்னு எழுதிட்டுப் போவியா! அதுல எல்லாம் வந்துருச்சே" என்றாள் ஆயா.

உண்மைதான். சாவிலிருந்து மீட்பதும் காப்பாற்றுவதுதான். சோறு போட்டு ஆளாக்குவதும் காப்பாற்றுவதுதான். 'நாலு பிள்ளையைக் காப்பாத்தி ஆளாக்கினேன்' என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதில் இரண்டும் அடங்கியிருக்கிறது. கடைசியில் வரும் '-ங்கள்' மரியாதையையும் வேண்டுதலையும் சேர்த்தே சுமக்கிறது. தனியாகத் 'தயவுசெய்து' தேவையில்லை.

அநாதைக் குழந்தை.
காப்பாற்றுங்கள்.

மேலே 8 எழுத்து, கீழே 8 எழுத்து. 32 எழுத்து 16 ஆகி, விரல்களுக்கு நடுவில் காகிதத்தில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. அன்பு என்ற சொல் போய்விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கிலீஷ் சீட்டில் அது இரண்டாவது சொல். எங்கள் சீட்டில் அது இல்லை. அதை வைக்க இடம் தேடிப் பார்த்தோம். வைத்த இடத்திலெல்லாம் ஒன்று காகிதம் போதவில்லை, அல்லது ஆயாவுக்கு நேரம் போதவில்லை. சுருக்குவதில் நஷ்டமே கிடையாது என்று சொல்கிறவர்கள் சுருக்கிப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கையெழுத்துக்கு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பிடித்தோம். ஒரே தடவை பென்சிலால் எழுதச் சொல்லி, அதையே படமெடுத்து, சீட்டு வரும் இடத்திலெல்லாம் தம்பி பொருத்தினான். கை அசையும்போது காகிதத்தோடு எழுத்தும் சேர்ந்து அசைய வேண்டுமே, அதற்கு அவன் ஓர் இரவு முழுவதும் கண் விழித்தான்.

படம் காட்டிய அன்று மைதானம் நிறைந்திருந்தது. கண்ணாடி ஜன்னலைப் பையன் கல்லால் உடைப்பதும், சார்லி கண்ணாடி சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாதவன்போல அந்த வீட்டுக்கே வந்து சேர்வதும் எந்த பாஷையிலும் அட்டை வேண்டாதவை. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அட்டை வரும்போதெல்லாம் மைதானத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாற்பது ஐம்பது பேர் தணிந்த குரலில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் அது. பழைய கொட்டகையில் ஒருவன் செய்த வேலையை இங்கே எல்லாரும் பங்கிட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். முணுமுணுப்பு அடங்கிய பிறகே அட்டை மறைகிறதா என்பதுதான் என் கவலை. பெரும்பாலும் அப்படியே மறைந்தது.

சீட்டு முதல் தடவை வந்தபோது முணுமுணுப்பு மேல் வரியைப் படித்து, கீழ் வரியைப் படித்து அடங்கியது. இறுதியில் டாக்டர் அதைத் தாயின் கையில் கொடுக்கிறபோது மறுபடியும் வந்தது. அப்பொழுது யாரும் எழுத்துக் கூட்டவில்லை. பார்த்தவுடனே தெரிந்துகொண்டார்கள். அவள் மேல் வரியில் கண்ணை வைத்துத் தலை குனிந்தபோது, எனக்கு முன்னாலிருந்த வரிசையில் ஒரு பெண் மட்டும் கீழ் வரியைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். திரையில் எழுத்து மறைந்துவிட்டிருந்தது.